வாங்குவோர் கேள்வி-பதில்: ரப்பர் முத்திரை

காபித்தூள் பைகளுக்காகக் காபிக்கிளைப் படத்தையும் ‘காபி’ என்ற எழுத்தையும் ரப்பரில் செதுக்கினேன். போனில் இடவலம் மாற்றி, பட்டர் பேப்பரில் பென்சிலால் வரைந்து, கவிழ்த்துத் தேய்த்து ஏற்றினேன். எழுத்து திரும்பியே விழுகிறது. கடையில் மாற்றித் தருவார்களா? – வாசகி, ஏற்காடு

மாட்டார்கள், கேட்கவும் வேண்டாம். ரப்பரில் குறையில்லை. போனில் ஒரு முறை திருப்பினீர்கள்; பட்டர் பேப்பரைக் கவிழ்த்தபோது படம் தானாகவே மறுமுறை திரும்பிவிட்டது. கவிழ்த்துத் தேய்ப்பதாக இருந்தால் நேரான படமே போதும். கார்பன் தாளை வைத்து மேலே வரைந்தால்தான் முன்கூட்டியே திருப்ப வேண்டும். கத்தியை எடுக்குமுன் ரப்பரைப் பார்த்திருக்கலாமே! அதில் ‘காபி’யை நேராக வாசிக்க முடிந்தால் தப்பு, கண்ணாடியில் காட்டும்போதுதான் நேராகத் தெரிய வேண்டும். பென்சில் கோட்டைத் துடைத்துவிடலாம், வெட்டிய ரப்பரை ஒட்ட முடியாது.

அடுத்த முறை படத்தைக் கறுப்பு, வெள்ளை என இரண்டே நிறமாக்கி, முத்திரையின் அளவுக்கே அச்சிட்டுப் பாருங்கள். பழமும் இலையும் முழுக் கறுப்பு, இலை நரம்பு மட்டும் வெள்ளை என்று வைத்தால் போதும். 1 மி.மீ.க்கும் மெல்லிய கோட்டைத் தடிப்பாக்குங்கள், இல்லையேல் விட்டுவிடுங்கள்.

இங்க்ஜெட் பிரிண்ட்டைக் கவிழ்த்து அசிட்டோனால் தேய்த்தேன். படம் ஏறவில்லை. அசிட்டோன் போலியா? – வாசகர், அம்மாபேட்டை

அசிட்டோன் மேல் பழி வேண்டாம். அசிட்டோனில் ஏறுவது ஜெராக்ஸில் வரும் தூள் மையான டோனர்தான், இங்க்ஜெட் மை அல்ல. ஜெராக்ஸ் எடுத்துத் தேய்த்துப் பாருங்கள்.

8 மி.மீ. மென்ரப்பர் என்று ஆன்லைனில் விளம்பரம். வந்தது 3 மி.மீ. தகடு. ஆழமாக வெட்டினால் அடி கிழிகிறது, மேலோட்டமாக வெட்டினால் பின்புலம் மையாகிறது. திரும்ப எடுக்க மறுக்கிறார்கள். – வாசகர், செவ்வாய்பேட்டை

உங்கள் கை மேல் தப்பில்லை. நெருங்கிய கோடுகளுக்கு நடுவே 1 மி.மீ. ஆழம் போதும். படத்தைச் சுற்றிய வெற்றிடத்துக்கு 2 முதல் 3 மி.மீ. வேண்டும், இல்லையேல் அழுத்தும்போது ரப்பர் அமுங்கி, மை பட்ட பள்ளமும் தாளைத் தொட்டுவிடும். 3 மி.மீ. தகட்டில் அதை எடுத்தால் அடியில் என்ன மிஞ்சும்? தடிமனைச் சொல்லாமல் ‘மென்மையானது’ என்று மட்டும் எழுதி விற்பவர்கள் மீது எனக்குத் தீராத கோபம். அப்படி நானும் ஒரு தகடு வாங்கி ஏமாந்திருக்கிறேன்.

விளம்பரத்தில் சொன்னபடி இல்லாத பொருளைத் திரும்ப எடுக்க மறுக்கக் கூடாது என்கின்றன 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள். விளம்பரப் பக்கத்தையும், தகட்டின் ஓரத்தில் ஸ்கேல் வைத்த படத்தையும் எடுத்துக்கொண்டு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதியுங்கள்.

மாற்று ரப்பர் வந்ததும் V உளியைச் சரித்து, கோட்டின் அடிப்பக்கம் அகலமாக இருக்கும்படி வெட்டுங்கள். அடியைக் குடைந்துவிட்டால் கோடு மடங்கும், நாலைந்து அச்சிலேயே பிய்ந்துவிடும். முதல் அச்சில் எங்கே மை தேவையில்லாமல் படுகிறதோ, அங்கே மட்டும் இன்னொரு சீவல் எடுங்கள்.