முப்பது பாகை வெப்பத்தில் ஒரு பலூன் எத்தனை பேரைத் தூக்கும்?

"நிலாவெளியில் எங்களுக்கு ஒரு தங்குவிடுதி இருக்கிறது. விருந்தினருக்குப் பலூன் சவாரி தொடங்கலாம் என்று ஒருவர் வந்து பேசினார். ஐரோப்பாவில் ஆறு பேர் ஏறுகிற பலூனில் இங்கே நாலு பேர்தான் ஏறலாம், அதுவும் விடியக்காலையில் மட்டும் என்கிறார். உண்மையா? மேலே போனபிறகு உயரத்தை எதை வைத்துப் பிடிக்கிறார்கள்? வாயு அடைத்த வான்கப்பல் என்றால் இந்தத் தொல்லை இருக்காதா?"

அவர் சொன்னது சரி. அப்படிச் சொல்லியிருப்பதே அவருக்குத் தொழில் தெரியும் என்பதற்கு நல்ல அடையாளம்.

காற்றுக்கும் எடை உண்டு. கடல் மட்டத்தில், 15 பாகை செல்சியஸில், ஒரு கனமீட்டர் காற்று 1.22 கிலோ இருக்கும். அதையே 100 பாகைக்குச் சூடாக்கினால் விரிந்து ஐதாகி, ஒரு கனமீட்டர் 0.95 கிலோவுக்கு வந்துவிடும். பலூனைத் தூக்குவது இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் மட்டுமே. துணிக்குள் இருக்கும் சூடான காற்று, அது பிடித்திருக்கும் இடத்தில் இருந்திருக்க வேண்டிய குளிர்ந்த காற்றைவிட எவ்வளவு குறைவாக நிறுக்கிறதோ, அவ்வளவு சுமையைத் தூக்கலாம்.

இதில் திருகோணமலையின் வெப்பம் எங்கே குறுக்கே வருகிறது என்று பார்ப்போம். 3,000 கனமீட்டர் பலூன் ஒன்றை எடுத்துக்கொள்வோம். நாலைந்து பேர் பறக்கும் பலூன்கள் ஏறத்தாழ இந்த அளவுதான். சீனன்குடா எண்ணெய்த் தாங்கிகளில் ஒன்றின் கொள்ளளவில் கால்வாசி என்று மனதில் பிடித்துக்கொள்ளலாம். துணி, கூடை, பர்னர், நிரப்பிய மூன்று காஸ் சிலிண்டர்கள் எல்லாம் சேர்த்து 335 கிலோ என்று வைப்போம். உள்ளே 100 பாகை, வெளியே 15 பாகை என்றால் மொத்தத் தூக்கம், அதாவது பலூன் தூக்கும் பாரம், ஏறத்தாழ 840 கிலோ. பொருள்களின் எடை போக 500 கிலோ மிச்சம். ஆளுக்கு 75 கிலோ என்றால் ஆறு பேர் தாராளமாக ஏறலாம். வெளியே 30 பாகை என்றால் அதே பலூனின் தூக்கம் 650 கிலோவுக்கு விழுந்துவிடும். மிச்சம் 315 கிலோ, பைலட்டோடு நாலு பேர். கைக்காவலாகப் பதினைந்து கிலோ.

அப்படியென்றால் உள்ளே இன்னும் சூடாக்கினால் என்ன என்று கேட்கத் தோன்றும். துணி விடாது. பலூன் துணி பூச்சுப் பூசிய நைலோன். 100 பாகையைச் சுற்றித் தொடர்ந்து பறந்தால் அதன் ஆயுள் வேகமாகக் குறையும், 120 பாகையை ஒட்டினால் பூச்சே கெட்டு, துணி காற்றை ஒழுகவிடத் தொடங்கும். மிகச் சூடான இடம் உச்சி. அதனால் அங்கே ஒரு வெப்பமானி வைத்திருப்பார்கள். அதோடு, அளவு மீறினால் உருகிவிடும் இணைப்பில் ஒரு சிறு நாடாவும் கட்டியிருப்பார்கள். அந்த நாடா கூடைக்குள் வந்து விழுந்தால், பர்னரைக் குறைத்து இறங்க வேண்டிய நேரம் வந்துவிட்டது என்று பொருள்.

விடியக்காலை என்ற நிபந்தனையும் இதே கணக்கிலிருந்து வருவதுதான். நாலு பேரோடு மொத்தம் 635 கிலோவைத் தூக்க, வெளியே 25 பாகையாக இருக்கும் விடியலில் உள்ளே 90 பாகை போதும். வெயில் ஏறி 30 ஆனால் 98 வேண்டும். 33 ஆனால் 102. ஒன்பது மணிக்கு மேல் அதே நாலு பேரை ஏற்றுகிறவர், துணியின் எல்லையைத் தொட்டுக்கொண்டுதான் பறக்கிறார். நிலம் சூடாகி எழும் காற்றோட்டங்களும் அந்த நேரத்தில்தான் தொடங்கும். அதில் அகப்பட்ட பலூனைச் சொன்னபடி இறக்குவது கடினம்.

இனி உயரம். பைலட் கையில் இருப்பவை இரண்டே. சூடாக்கப் பர்னர், சூட்டை வெளியே விடப் பரசூட் வால்வு. உச்சியில் ஒரு பெரிய வட்ட ஓட்டை இருக்கும். அதை உள்ளிருந்து ஒரு வட்டத் துணி மூடியிருக்கும், உள்காற்றின் அழுத்தமே அதை மேலே ஒட்டவைத்துப் பிடித்திருக்கும். கூடைக்கு வரும் கயிற்றை இழுத்தால் துணி கீழே இறங்கி, விளிம்பைச் சுற்றிச் சூடான காற்று வெளியேறும். கயிற்றை விட்டால் தானாக மூடிக்கொள்ளும்.

மிதந்துகொண்டிருக்கும் அந்த 3,000 கனமீட்டர் பலூனில் உள்சூடு ஒரு பாகை மாறினால் தூக்கம் ஏறத்தாழ ஏழரைக் கிலோ மாறும். பலூன் ஓயாமல் ஆறிக்கொண்டே இருப்பதால், ஒரே உயரத்தில் நிற்பதற்கே அரை நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டு மூன்று விநாடி பர்னரைத் திறக்க வேண்டிவரும். பழகாதவர் தவறுவது இங்கேதான். நகர வேண்டியது 635 கிலோ மட்டுமல்ல. உள்ளே இருக்கும் காற்றும் சேர்ந்து நகர வேண்டும், மொத்தம் மூன்றரைத் தொன். மூன்று பாகை கூட்டினால் கிடைப்பது இருபத்துச் சொச்சம் கிலோ. அது மூன்றரைத் தொன்னை அசைக்கப் பத்து விநாடிக்கு மேல் எடுக்கும். பழகாதவர், பர்னரைத் திறந்தும் பலூன் கேட்கவில்லை என்று இன்னொருமுறை திறப்பார். பிறகு இரண்டுமுறை கொடுத்த சூடும் சேர்ந்து வேலைசெய்யும், பலூன் வேண்டியதைவிட மேலே போய்விடும். பயந்து வால்வை இழுப்பார். அடுத்து வேகமாக விழத் தொடங்கும். அனுபவமுள்ளவர் சிறிதாகக் கொடுத்துவிட்டுக் காத்திருப்பார். இறங்கும்போது, நிற்க வேண்டிய உயரத்துக்கு முப்பது நாற்பது மீட்டருக்கு முன்பே சூட்டைக் கொடுத்துவிடுவார்.

ஏறுகிறோமா இறங்குகிறோமா என்பதைக் கருவி சொல்லும், ஆனால் மரத்தளவு உயரத்தில் கண்தான் முந்தும். கிட்ட நிற்கும் ஒரு பனையின் தலையையும் அதற்குப் பின்னால் தூரத்தில் தெரியும் ஒரு வீட்டுக் கூரையையும் சேர்த்துப் பாருங்கள். பனையின் தலைக்கு மேலாகக் கூரை இன்னும் இன்னும் வெளியே தெரிந்தால் ஏறுகிறீர்கள். பனைக்குப் பின்னால் கூரை மறைந்துகொண்டே போனால் இறங்குகிறீர்கள்.

விடியலிலும் ஒரு பொறி உண்டு. இரவில் நிலம் ஆறுவதால், தரையை ஒட்டிய காற்று மேலுள்ளதைவிடக் குளிர்ந்திருக்கும். தரையில் நன்றாகத் தூக்கிய பலூன் நூறு மீட்டர் ஏறி, மூன்று பாகை கூடுதலாகச் சூடான காற்றுக்குள் நுழைந்தால் ஏறத்தாழ 35 கிலோ தூக்கம் போய்விடும். ஏற்றம் அப்படியே நின்றுவிடும், சிலவேளை இறங்கவும் தொடங்கும். அந்த அடுக்கைத் தாண்டுவதற்கான சூட்டை முன்கூட்டியே கொடுத்து வைக்க வேண்டும்.

பலூனுக்குச் சுக்கான் இல்லை. திசை மாற வேண்டுமென்றால், வேறு திசையில் காற்று வீசும் உயரத்தைத் தேடிப் போக வேண்டும். நிலாவெளிக் கரைக்கு இது பெரிய குறை. விடியலில் காற்று தரையிலிருந்து கடலுக்குப் போகும். வைகாசிக்குப் பிறகு கச்சான் வீசும் மாதங்களில் நாள் முழுக்கவே அப்படித்தான். கயிற்றில் கட்டாத பலூனைக் கடற்கரையிலிருந்து ஏற்றவே கூடாது. தம்பலகாமம், கந்தளாய்ப் பக்கத்து அறுவடை முடிந்த வயல்களிலிருந்து ஏறினாலும், காற்றின் வேகத்தைப் பறக்கும் நேரத்தால் பெருக்கிப் பார்த்து, கொட்டியாரக் குடாவுக்கு வெகு முன்பே இறங்கும் இடம் குறித்திருக்க வேண்டும்.

வான்கப்பலுக்கு வருவோம். அதில் அடைப்பது ஈலியம். 30 பாகையிலும் ஒரு கனமீட்டர் ஈலியம் ஒரு கிலோ தூக்கும். சூடான காற்று தூக்குவது 0.22 கிலோதான். வெளியே சூடானாலும் உள்ளே ஈலியமும் சேர்ந்து சூடாகும் என்பதால், வெயில் அதன் தூக்கத்தைக் குறைப்பது கொஞ்சம்தான். ஐதரசன் இன்னும் எட்டு வீதம் கூடத் தூக்கும். அந்த எட்டு வீதத்துக்காக எரியும் வாயுவை ஆட்களின் தலைக்கு மேல் சுமக்க வேண்டிய தேவை இன்று இல்லை.

ஆனால் அங்கே வேறொரு தொல்லை இருக்கிறது. ஏற ஏற வெளியழுத்தம் குறைந்து ஈலியம் விரியும். அதற்காகப் பெரிய உறைக்குள் முன்னும் பின்னும் காற்றுப்பைகள் வைத்திருப்பார்கள். ஏறும்போது அவற்றிலிருந்து சாதாரணக் காற்று வெளியேறி ஈலியத்துக்கு இடம் விடும். இறங்கும்போது விசிறி அவற்றைத் திரும்ப நிரப்பும். உறை எப்போதும் விறைப்பாக இருப்பது இதனால்தான். முன்பையில் காற்றைக் கூட்டிப் பின்பையில் குறைத்தால் மூக்குப் பாரமாகிக் கீழே சாயும். பைகள் உறையில் ஐந்திலொரு பங்கு என்றால், ஏறத்தாழ 2,200 மீட்டரில் அவை முழுக்கக் காலியாகிவிடும். அதற்கு மேல் ஏறினால் உறை கிழியாதிருக்க வால்வு திறந்து ஈலியத்தை வெளியே விட்டாக வேண்டும். போன வாயு திரும்பாது. இறங்கும்போது கப்பல் அவ்வளவுக்குப் பாரமாக இருக்கும்.

அந்த எல்லைக்குக் கீழே வாயுவை யாரும் தொடுவதில்லை. உயரத்தைப் பிடிப்பது எஞ்சினும் வால் சிறகுகளும். பெரும்பாலும் கப்பலைக் கொஞ்சம் பாரமாகவே வைத்து ஏற்றி, மூக்கை உயர்த்திய ஓட்டத்தால் மிச்சத் தூக்கத்தை எடுப்பார்கள். ஜெர்மனியின் 75 மீட்டர் நீளமான செப்பலின் என்டி, சுழலிகளையே மேல்நோக்கித் திருப்பி ஏறி இறங்கும். எரிபொருள் தீரத் தீரக் கப்பல் இலேசாகும் என்பதையும் பைலட் கணக்கில் வைத்திருக்க வேண்டும். 1928இல் பறந்த கிராஃப் செப்பலினில் இதைத் தவிர்க்க, காற்றளவே எடையுள்ள எரிவாயுவை எஞ்சினுக்குக் கொடுத்தார்கள்.

உங்கள் கரையில் வெயிலும் சேர்ந்துகொள்ளும். நேர்வெயில் பட்டு, 6,000 கனமீட்டர் ஈலியம் சுற்றுக் காற்றைவிட 5 பாகை சூடானால் நூறு கிலோவுக்கு மேல் கூடுதலாகத் தூக்கும். ஒரு முகில் மறைத்தால் அது கொஞ்சம் கொஞ்சமாகப் போய்விடும். இறங்கிய பிறகும் பாரக் கணக்கு முடிவதில்லை. பயணிகள் எல்லோரும் ஒன்றாக இறங்கினால் கப்பல் எழும்பிவிடும், அதனால் ஒருவர் இறங்க ஒருவர் ஏற என்று மாற்றுவார்கள். 1783 டிசம்பர் 1ஆம் திகதி பிரெஞ்சு விஞ்ஞானி ஜாக் சார்ல்ஸ் பாரிஸிலிருந்து ஐதரசன் பலூனில் பறந்து தரையிறங்கியபின், கூட வந்த ரொபேர் இறங்கிவிட்டார். அந்த ஓராள் எடை குறைந்த பலூன் சார்ல்ஸைத் தனியே ஏறத்தாழ 3,000 மீட்டருக்குத் தூக்கிக்கொண்டு போய்விட்டது.

வந்து பேசியவரிடம் 30 பாகைக்குப் போட்ட பாரக் கணக்கை எழுத்தில் கேளுங்கள். உச்சி வெப்பநிலையின் எல்லை அதில் இருக்க வேண்டும். ஆட்களின் எடை மதிப்பீடாக இல்லாமல், ஏறும்போது தராசில் நிறுத்ததாக இருக்க வேண்டும். கடல் பக்கம் காற்று வீசும் நாளில் என்ன செய்வீர்கள் என்றும் கேளுங்கள். "அன்றைக்குப் பறக்கமாட்டோம்" என்பதைத் தவிர வேறு பதில் வந்தால், விருந்தினரை அவரிடம் அனுப்ப வேண்டாம்.