ஒரே பவர்பாயின்ட் ஃபைலை மூன்று விதமான ஆட்களுக்குக் காட்டுவது

கேள்வி: "ஒரே விஷயத்தைப் பற்றி மூன்று விதமான ஆட்களுக்குப் பிரசன்டேஷன் கொடுக்க வேண்டியிருக்கிறது. இப்போது மூன்று தனி ஃபைல் வைத்திருக்கிறேன், ஒன்றில் திருத்தினால் மற்றதில் மறந்துவிடுகிறது. ஒரே ஃபைலில் முடியுமா? கஸ்டம் ஷோ போடுவதா, ஜூம் போடுவதா?"

முடியும். யாருக்குக் காட்டப் போகிறோம் என்று கிளம்பும்போதே தெரிந்தால் கஸ்டம் ஷோ, அதாவது வேண்டிய ஸ்லைடுகளை மட்டும் பொறுக்கி வைக்கும் பட்டியல். அங்கே போய் உட்கார்ந்த பிறகுதான் பேச்சு எந்தப் பக்கம் திரும்பும் என்று தெரியும் என்றால் ஜூம். இது வீடியோ கால் ஜூம் இல்லை, சொடுக்கினால் வேறு ஸ்லைடுகளுக்குத் தாவும் பவர்பாயின்ட் வசதி. என் ஃபைலில் இரண்டும் இருக்கின்றன.

நான் கோவையில் வீட்டு மாடிக்கும் மில் கூரைக்கும் சோலார் போடும் வேலையில் இருக்கிறேன். வீட்டுக்காரர், மில்காரர், வீட்டுக்காரருக்குக் கடன் தரும் வங்கி மேலாளர் என்று எனக்கும் மூன்று வகை ஆட்கள், மூன்று ஃபைல்கள். 2024 பிப்ரவரியில் மத்திய அரசின் புதிய திட்டம் வந்து, 3 கிலோவாட்டும் அதற்கு மேலும் போடும் வீடுகளுக்கு மானியம் 78,000 ரூபாய் ஆனது. வீட்டுக்காரர் ஃபைலில் அன்றே மாற்றினேன். வங்கி ஃபைலில் பழைய தொகை அப்படியே கிடந்தது. "தம்பி, நேத்து வந்த கஸ்டமர் 78,000ன்னு சொன்னாரே, உங்க ஸ்லைடுல வேற இருக்கே?" என்று அந்த மேலாளர் கேட்டார். கடன் தொகையே விலையில் மானியத்தைக் கழித்து வருவதுதான், அதனால் அடுத்த நாலு ஸ்லைடில் இருந்த கணக்கும் தப்பு. அன்று இரவே மூன்றையும் ஒரே ஃபைலாக்கினேன்.

இப்போது அதில் 34 ஸ்லைடுகள். 1 முதல் 6 வரை பொது, 7 முதல் 15 வரை வீடு, 16 முதல் 26 வரை மில், 27 முதல் 32 வரை வங்கி, 33 பராமரிப்பு, 34 எங்கள் தொடர்பு விவரம். மானிய ஸ்லைடு 10-ஆவது. மில்லுக்கு இந்த மானியம் கிடையாது, மில் ஷோவில் அது வரவே கூடாது. வங்கிக்கோ அது கட்டாயம் வேண்டும்.

கஸ்டம் ஷோ போட Slide Show டேபில் Custom Slide Show, அதில் Custom Shows, பிறகு New. வரும் பெட்டியில் மேலே பெயர் கொடுங்கள். இடது பக்கம் எல்லா ஸ்லைடும் இருக்கும், வேண்டியதை டிக் செய்து Add அழுத்தினால் வலது பக்கம் போகும். அங்கே அம்புக்குறியால் வரிசையை மாற்றலாம். ஒரே ஸ்லைடை இரண்டு தடவை சேர்க்கவும் செய்யலாம். வங்கிக்கு நான் எடுத்தது 1, 2, 10, பிறகு 27 முதல் 32, கடைசியில் 34. மொத்தம் பத்து. இது நகல் இல்லை, வெறும் பட்டியல். 10-ஆவது ஸ்லைடில் தொகையை ஒரு தடவை மாற்றினால் வீட்டுக்காரர் ஷோவிலும் வங்கி ஷோவிலும் மாறிவிடும்.

இடது பக்கப் பட்டியலில் தெரிவது ஸ்லைடின் தலைப்புதான். தலைப்புப் பெட்டியை அழித்துவிட்டு சாதா டெக்ஸ்ட் பாக்ஸில் தலைப்பு எழுதும் பழக்கம் இருந்தால், அங்கே வெறும் "Slide 12", "Slide 13" என்றுதான் நிற்கும். எது எது என்று புரியாது. முதலில் தலைப்பு உள்ள லேஅவுட்டுக்கு அவற்றை மாற்றி, தலைப்பைத் தலைப்புப் பெட்டியில் எழுதிவிட்டு இந்த வேலைக்கு வாருங்கள்.

இதில் எனக்கு நடந்த தப்புகள் மூன்று. ஒன்று, புதிதாக ஸ்லைடு சேர்த்தால் அது எந்தக் கஸ்டம் ஷோவிலும் தானாகச் சேராது. வீட்டுப் பகுதியில் நெட் மீட்டர் பற்றி ஒரு ஸ்லைடு போட்டேன். ஒரு வாரம் கழித்து ஒரு வீட்டில் காட்டும்போதுதான் அது வரவே இல்லை என்று தெரிந்தது. இப்போதெல்லாம் ஸ்லைடு சேர்த்த கையோடு Custom Shows திறந்து Edit போட்டுச் சேர்த்துவிடுகிறேன்.

இரண்டு, Set Up Slide Show பெட்டியில் ஒரு கஸ்டம் ஷோவைத் தேர்ந்தெடுத்து வைத்தால் F5 அழுத்தும்போது அதுதான் ஓடும். வசதிதான், ஆனால் அந்த அமைப்பு ஃபைலோடு சேமிக்கப்படும். மறுநாள் மில்லில் F5 அழுத்தினால் வங்கி ஷோ வந்து நிற்கும். அதனால் அந்தப் பெட்டியில் All என்றே விட்டுவிடுங்கள். Custom Slide Show பட்டனை அழுத்தினாலே உங்கள் ஷோக்களின் பெயர் வரிசையாக வரும், அங்கிருந்து ஓட்டுங்கள்.

மூன்று, ஸ்லைடு எண். கஸ்டம் ஷோவில் ஓடினாலும் மூலையில் தெரிவது மூல ஃபைலின் எண்தான். 2-க்கு அப்புறம் 10, அதற்கு அப்புறம் 27 என்று போனால், "நடுவுல எதையோ தாண்டிட்டீங்களே" என்று கேட்பார்கள். Insert டேபில் Header & Footer போய் Slide number டிக்கை எடுத்து Apply to All கொடுத்துவிடுங்கள்.

இனி ஜூம். 2019 பதிப்பிலும் அதற்குப் பிந்தையவற்றிலும் மைக்ரோசாஃப்ட் 365-லும் இருக்கிறது. ஸ்லைடுகளை செக்‌ஷன்களாகப் பிரித்துவிட்டு, பொதுப் பகுதியின் கடைசியான 6-ஆவது ஸ்லைடை மெனுவுக்காகக் காலியாக வைத்து, Insert டேபில் Zoom, அதில் Section Zoom எடுத்து வீடு, மில், வங்கி மூன்றையும் டிக் செய்தேன். மூன்று சின்னப் படங்கள் வந்தன. ஒன்றைச் சொடுக்கினால் அந்த செக்‌ஷன் முழுக்க ஓடிவிட்டுத் திரும்ப அதே ஸ்லைடுக்கு வந்து நிற்கும். மில் முதலாளிகள் பாதியில், "சரி, இதையே என் வீட்டு மாடியில போட்டா என்ன ஆகும்?" என்று கேட்பது வழக்கம். அப்போது வீட்டுப் படத்தைச் சொடுக்கினால் போதும். செக்‌ஷனுக்குள் புது ஸ்லைடு போட்டால் ஜூமில் தானாக வந்துவிடும் என்பது கஸ்டம் ஷோவில் இல்லாத நன்மை. ஆனால் Slide Zoom எடுத்தால் கவனம்: Return to Zoom டிக் செய்யாவிட்டால் அது திரும்பாது, அடுத்தடுத்த ஸ்லைடுக்குப் போய்க்கொண்டே இருக்கும்.

ஜூமின் குறை இதுதான்: செக்‌ஷன் என்பது தொடர்ச்சியான ஸ்லைடுகள், ஒரு ஸ்லைடு ஒரு செக்‌ஷனில்தான் இருக்க முடியும். 10-ஆவது ஸ்லைடு வீடு செக்‌ஷனில் இருக்கிறது, வங்கி ஜூமில் வராது. அதற்காக நகல் எடுத்தால் பழைய மானியத் தொகைக் கதை திரும்ப ஆரம்பிக்கும். நான் செய்தது, மெனு ஸ்லைடில் வங்கி ஜூமை எடுத்துவிட்டு அங்கே ஒரு கட்டம் வரைந்தேன். அதைத் தேர்ந்தெடுத்து Insert டேபில் Link, இடது பக்கம் Place in This Document, பட்டியலின் அடியில் Custom Shows, அதில் வங்கி ஷோ. கீழே Show and return என்ற டிக்கை மறக்காதீர்கள். அது இல்லாவிட்டால் வங்கி ஷோவின் கடைசி ஸ்லைடோடு எல்லாமே முடிந்துவிடும், மெனுவுக்குத் திரும்பாது.

கடைசியாக, கஸ்டம் ஷோ எதையும் மறைத்துப் பூட்டுவதில்லை. மில் விலைக் கணக்கு உள்ள அந்த ஃபைலை வீட்டுக்காரருக்கு அனுப்பினால் அவர் 34 ஸ்லைடையும் பார்ப்பார், நோட்ஸில் நீங்கள் எழுதி வைத்ததையும் பார்ப்பார். அனுப்புவதற்கு PDF எடுங்கள். சேமிக்கும் பெட்டியில் Options அழுத்தினால் Custom show என்று ஒரு தேர்வு இருக்கும், அதில் அவருக்கான ஷோவைக் கொடுத்தால் அந்த ஸ்லைடுகள் மட்டும் வரும். அனுப்பும் முன் அந்த PDF-ஐ ஒரு தடவை திறந்து பக்கங்களை எண்ணிவிடுங்கள். எனக்கு வீட்டுக்காரர் ஷோ என்றால் 17 வர வேண்டும்.