இரண்டுக்கு இரண்டு அணியின் ஐகன் மதிப்புகளும் ஐகன் வெக்டர்களும்: கேள்வி பதில்

தேர்வில் கீழே உள்ள அணி வந்தது. λ = −2, −5 என்று கண்டேன். ஆனால் வெக்டர் காணப் போனால் x = 0, y = 0 என்றே வருகிறது. எந்த இடத்தில் தவறினேன்?

```
4  2
1  3
```

வெக்டர் காணும் இடத்தில் தவறில்லை. அதற்கு முந்தைய படியிலேயே குறி மாறிவிட்டது. மூலைவிட்ட உறுப்புகளின் கூடுதல் 4 + 3 = 7, அணிக்கோவையின் மதிப்பு 12 − 2 = 10 என்பதால், சிறப்பியல்புச் சமன்பாடு λ² − 7λ + 10 = 0 ஆகும். நீங்கள் 7λ-க்கு முன் கூட்டல் குறி இட்டிருக்கிறீர்கள். சரியான மதிப்புகள் 5, 2.

பூச்சியம் மட்டுமே விடையாக வந்தது உண்மையில் உங்களுக்குக் கிடைத்த எச்சரிக்கை. A − λI என்ற அணியின் அணிக்கோவை பூச்சியமாகும்படிதான் λ-வைத் தேடுகிறோம். அவ்வாறு பூச்சியமானால் அதன் ஒரு நிரை மற்றொன்றின் மடங்காகவே இருந்தாக வேண்டும். λ = 5 எனில் நிரைகள் (−1, 2), (1, −2) என வருகின்றன; இரண்டும் சொல்வது x = 2y என்ற ஒரே செய்தியைத்தான், ஆகவே வெக்டர் (2, 1). λ = 2 எனில் (2, 2), (1, 1) என வந்து x = −y ஆகிறது; வெக்டர் (1, −1). நீங்கள் எடுத்த −5-க்கோ நிரைகள் (9, 2), (1, 8) என வரும்; இவை ஒன்றுக்கொன்று மடங்கல்ல. இதைக் கண்டவுடனேயே, சமன்பாட்டைத் தீர்க்க முற்படாமல், λ-வைத் திரும்பச் சரிபார்க்கச் செல்ல வேண்டும்.

அப்படியானால் குறை மதிப்பு வந்தாலே தவறா? என் அணியின் நிரைகள் (1, 2), (3, 2). எனக்கு 4, −1 வந்தது.

உங்கள் விடை சரி. குறை மதிப்பு வருவதில் பிழையில்லை. இரு மதிப்புகளின் கூடுதல் மூலைவிட்டக் கூடுதலுக்குச் சமமாக இருக்கிறதா என்பதே கேள்வி. உங்களுக்கு 4 − 1 = 3, 1 + 2 = 3.

முதல் கணக்கில் எனக்கு (1, 2) வந்தது, விடைப் பட்டியலில் (−2, −1) இருக்கிறது. வெக்டரை எப்படி வேண்டுமானாலும் எழுதலாம் என்கிறார்களே?

எந்தப் பூச்சியமற்ற எண்ணாலும் பெருக்கி எழுதலாம் என்பது சரி. ஆகவே (2, 1), (−2, −1) இரண்டும் ஏற்புடையவை. உறுப்புகளை இடம் மாற்றி எழுதக் கூடாது. x = 2y என்பதில் y-க்கு அருகே 2 இருப்பதைப் பார்த்து y = 2 என எழுதிவிடுவது அடிக்கடி நேரும் பிழை. அணியை (1, 2)-ஆல் பெருக்கினால் (8, 7) வரும். இது (1, 2)-இன் மடங்கல்ல. (2, 1)-ஆல் பெருக்கினால் (10, 5), அதாவது ஐந்து மடங்கு. இந்தச் சோதனைக்கு அரை நிமிடம் போதும்.

முக்கோண அணியின் மூலைவிட்டமே ஐகன் மதிப்புகள் என்று படித்தேன். எனவே முதல் நிரையில் நான்கில் ஒரு பங்கை இரண்டாவதிலிருந்து கழித்து, 4, 2.5 என விடை எழுதினேன்.

நீங்கள் படித்தது உண்மை. அதை இங்கே பயன்படுத்திய விதம்தான் பொருந்தாது. நிரைகளைக் கழிக்கும்போது அணிக்கோவை மாறுவதில்லை, அதனால்தான் 4 × 2.5 = 10 எனப் பெருக்கல் பலன் சரியாக வந்து உங்களை நம்ப வைத்திருக்கிறது. கூடுதலோ 6.5 ஆகிவிட்டது. நிரை மாற்றங்களை A − λI-ஐ அமைத்த பிறகு, வெக்டர் காண மட்டுமே செய்யுங்கள்.

என் வினாத்தாளில் நிரைகள் (5, −1), (1, 3). λ = 4, 4 வந்தது. இரண்டு வெக்டர் வேண்டுமே என்று (1, 1), (2, 2) எழுதினேன்.

அவை இரண்டும் ஒரே திசைதான். λ = 4-ஐக் கழித்தால் இரு நிரைகளும் (1, −1); x = y தவிர வேறு வழியில்லை. ஒரே ஒரு திசைதான் உண்டு, இந்த அணியை மூலைவிட்ட அணியாக்க இயலாது என்று எழுதுவதே முழு விடை. மாறாக, (4, 0), (0, 4) என்ற அணியிலும் 4, 4 தான் வரும். ஆனால் கழித்தபின் எல்லா உறுப்புகளும் பூச்சியமாவதால் எந்தக் கட்டுப்பாடும் எஞ்சாது, (1, 0), (0, 1) என இரண்டை எடுக்கலாம். இரண்டுக்கு இரண்டில் மதிப்பு இருமுறை வந்து இரு திசைகளும் கிடைப்பது இத்தகைய அணிக்கு மட்டுமே.

கூடுதலையும் அணிக்கோவையையும் கொண்டு நேராகச் சமன்பாட்டை எழுதினால் மதிப்பெண் குறையுமா? எங்கள் வகுப்பில் முழு மதிப்பெண் தந்தார்கள்.

திருத்துபவரைப் பொறுத்தது, உறுதியாகச் சொல்ல இயலாது. நானாக இருந்தால் |A − λI| = 0 என்ற ஒரு வரியை முதலில் எழுதிவிட்டுத்தான் அடுத்த வரிக்குச் செல்வேன்.