கன்னத்தில் பறந்த முடியை எடுக்கலாம், டோப்பா ஆகாமல்

"சார், அப்பா அம்மாவோட அறுபதாம் கல்யாணம் முடிஞ்ச சாயங்காலம் மரைன் டிரைவ்ல போட்டோ எடுத்தோம். அம்மா முகம் ரொம்ப நல்லா வந்திருக்கு, ஆனா காத்துல முடி பறந்து கன்னம், காது மேலெல்லாம் கிடக்கு. ஒரு கடையில சரிபண்ணக் கொடுத்தேன், டோப்பா வெச்ச மாதிரி ஆக்கிட்டாங்க. போட்டோஷாப் ஓரளவு தெரியும், மவுஸ்தான் இருக்கு. நானே பண்ண முடியுமா?" – ஒரு வாசகி, செம்பூர், மும்பை

முடியும். ஒரு சாயங்காலம் முழுக்கப் போகும், அவ்வளவுதான்.

ஆனால் முதலில் ஒன்று. எனக்கு அனுப்பிய படம் வாட்ஸ்அப்பில் சுருங்கி வந்த படம். கடைக்கும் இதைத்தான் கொடுத்தீர்களா? அப்படியென்றால் பாதித் தப்பு அங்கேயே நடந்துவிட்டது. சுருங்கிய படத்தில் தோலின் துவாரமும் தெரியாது, ஒற்றை முடியும் தெரியாது, எல்லாம் ஒரே களிம்பு. எடுத்த போனிலிருந்தோ கேமராவிலிருந்தோ அசல் கோப்பை எடுங்கள். வாட்ஸ்அப்பிலேயே அனுப்பித்தான் ஆக வேண்டுமென்றால் Document ஆக அனுப்புங்கள்.

கடைகளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், இருபது வருஷமாக மாட்டுங்காவில் உட்கார்ந்து இதையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். கவுன்டரில் படத்தை வாங்குபவர் வேலை செய்பவர் இல்லை. அவர் வேறொருவருக்கு அனுப்புவார், அவர் இன்னொருவருக்குத் தள்ளுவார், கடைசியில் படத்துக்கு இவ்வளவு என்று கூலி வாங்கும் ஒரு பையன் கையில் ஐந்து நிமிஷம்தான் இருக்கும். அவன் என்ன செய்வான், பாவம்? பெரிய பிரஷ்ஷால் கன்னத்தைத் துடைப்பான், நெற்றியோரத்தைக் கறுப்பாக ஒரு கோடு இழுத்து மூடுவான். கடைக்காரர் அதை 'ஹெச்டி ரீடச்' என்று பில் போடுவார். உங்கள் அம்மாவுக்கு நடந்தது அதுதான்.

இப்போது வேலைக்கு வருவோம். வலது காதுக்கு மேலே நெற்றியோரத்திலிருந்து ஒரு கற்றை கிளம்பி கன்னத்தைத் தாண்டி மூக்கோரம் வரை வந்திருக்கிறது. காதின் குறுக்கே ஐந்தாறு ஒற்றை முடிகள். அதில் ஒன்று நரை. வெளிச்சம் இடப்பக்கத்திலிருந்து.

படத்தைத் திறந்ததும் Ctrl+J அழுத்தி ஒரு நகல் அடுக்கு வைத்துக்கொள்ளுங்கள், அசலில் கை வைக்க வேண்டாம். கன்னத்துக்கு Clone Stamp எடுங்கள். மேலே Mode என்ற இடத்தில் Lighten என்று மாற்றுங்கள். அதற்குப் பிறகு, நீங்கள் எடுக்கும் தோலைவிட இருட்டாக இருக்கும் புள்ளிகள் மட்டும்தான் மாறும், நல்ல தோல் பெரும்பாலும் அப்படியே நிற்கும். பிரஷ் அகலம் முடியைப் போல மூன்று மடங்கு போதும். முடிக்கு ஒட்டின தோலை Alt அழுத்திக் கிளிக் செய்து எடுத்து, முடி போகும் திசையிலேயே கொஞ்சம் கொஞ்சமாக நகருங்கள். ஒவ்வொரு துண்டுக்கும் புதிதாகத் தோல் எடுக்க வேண்டும், ஏனென்றால் மூக்கோரத் தோலும் காதோரத் தோலும் ஒரே நிறம் இல்லை.

எல்லோரும் கோட்டை விடும் இடம் நிழல். முடி தோலுக்குப் பக்கத்தில் கிடந்தால் அதன் வலப்பக்கம் மங்கலாக ஒரு பழுப்புக் கோடு விழுந்திருக்கும், வெளிச்சம் இடமிருந்து வருகிறதல்லவா. முடியை மட்டும் எடுத்து நிழலை விட்டுவிட்டால் அம்மா கன்னத்தில் தழும்பு போலவோ சுருக்கம் போலவோ ஒரு கோடு நிற்கும். பார்ப்பவருக்கு என்ன என்று தெரியாது, ஆனால் ஏதோ உறுத்தும்.

அந்த நரை முடிதான் தொல்லை. Lighten கறுப்பு முடிக்குத்தான், தோலைவிட வெளுப்பான நரையை அது தொடவே தொடாது. நீங்கள் பத்துத் தடவை தேய்த்துவிட்டு மவுஸ் கெட்டுப்போச்சு என்று நினைப்பீர்கள். அங்கே மட்டும் Mode-ஐ Darken என்று மாற்றிக்கொள்ளுங்கள். இன்னொரு வம்பும் இருக்கிறது. ஒரே நரை, நிழலான தோலைக் கடக்கும்போது வெளுப்பாகவும், வெயில் பட்டுப் பளபளக்கும் கன்னத்தைக் கடக்கும்போது இருட்டாகவும் தெரியும். அதாவது ஒரே முடிக்குப் பாதி வழி Darken, மீதி வழி Lighten. எங்கே மாறுகிறது என்று படத்தை 200 சதவீதம் பெரிதாக்கிப் பார்த்தால்தான் தெரியும். முடிந்ததும் Normal-க்குத் திருப்ப மறக்காதீர்கள், நானே பல தடவை மறந்து அரை மணி நேரம் வீணாக்கியிருக்கிறேன்.

காதில் Healing Brush வேண்டவே வேண்டாம். அது சுற்றியிருக்கும் நிறத்தைக் கலக்கும், காதிலோ மடிப்புக்கு மடிப்பு நிறம் மாறும், கலந்தால் காது உருகின மெழுகு மாதிரி ஆகிவிடும். ஒவ்வொரு மடிப்பையும் தனித்தனியாக, அந்த மடிப்பிலிருந்தே தோல் எடுத்து Clone செய்யுங்கள். தோட்டின் கீழ்ப்பகுதியை முடி மறைத்திருக்கிறதே, அதை வரையப் பார்க்காதீர்கள். அதே நிமிஷம் எடுத்த வேறு படத்தில் தோடு முழுசாகத் தெரியும், அதிலிருந்து வெட்டி எடுத்து வையுங்கள். இடது காதைத் திருப்பி ஒட்டுகிறேன் என்று சிலர் கிளம்புவார்கள், அப்போது வெளிச்சம் தப்பான பக்கத்திலிருந்து அடிக்கும், கல்லின் மினுக்கே காட்டிக்கொடுத்துவிடும்.

இனி அந்தக் கற்றை. கன்னத்தில் இருந்ததை அழித்தாகிவிட்டது, ஆனால் வேர் நெற்றியோரத்தில் இருக்கிறது. அங்கே நறுக்கென்று நின்றால் கத்திரித்த மாதிரி மொட்டையாக இருக்கும். அதனால் அந்த முடிகளை வேரிலிருந்து காதுக்குப் பின்னால் போகிற மாதிரி திரும்ப வரைய வேண்டும். புது அடுக்கு போடுங்கள். மவுஸில் கையால் இழுத்தால் நடுங்கும், எனவே Pen Tool-ஐ Path-இல் வைத்து, வேரில் ஒரு புள்ளி, காதுக்குப் பின்னால் ஒரு புள்ளி, நடுவில் லேசான வளைவு. பிரஷ்ஷை உங்கள் படத்தில் ஒரு முடி எத்தனை பிக்சலோ அத்தனையே வையுங்கள், பெரும்பாலும் 2 அல்லது 3. Brush Settings-இல் Shape Dynamics-ஐத் திறந்து Size Jitter-க்குக் கீழே Control-ஐ Pen Pressure ஆக்குங்கள். மவுஸ் என்பதால் ஒரு எச்சரிக்கை முக்கோணம் வரும், பொருட்படுத்த வேண்டாம். பிறகு Pen Tool கையில் இருக்கும்போதே பாதையில் வலது கிளிக் செய்து Stroke Path, அதில் Brush, கீழே Simulate Pressure-ஐத் தட்டுங்கள். இரண்டு முனையும் கூர்ந்து முடி மாதிரியே விழும்.

நிறத்தை மட்டும் கறுப்பு என்று எடுத்துவிடாதீர்கள். Brush Tool கையில் இருக்கும்போது அம்மாவின் முடியிலேயே மூன்று இடத்தில் Alt கிளிக் செய்து நிறம் எடுங்கள்: இருட்டான இடம், நடுத்தரம், வெயில் பட்டுச் செம்பட்டையாக மின்னுவது. பத்து முடி வரைந்தால் மூன்று நிறமும் கலந்திருக்கட்டும், இடையிடையே தோலும் தெரியட்டும். நெற்றியோரத்து பூனைமுடியைத் தொடவே வேண்டாம். உங்கள் கடைக்காரர் அதைத்தான் மூடினார், அதனால்தான் டோப்பா. காதோரம் ஒன்றிரண்டு முடி பறந்தபடியே இருக்கட்டும், கடற்கரையில் நிற்பவருக்குத் தலை படிந்திருந்தால் யார் நம்புவார்கள்?

வரைந்தது மட்டும் பளிச்சென்று தனியாகத் தெரிந்தால், அந்த அடுக்குக்கு Gaussian Blur 0.3 அல்லது 0.5 கொடுத்துப் பாருங்கள். பிறகு Image மெனுவில் Image Rotation, Flip Canvas Horizontal கொடுத்து முகத்தைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். இவ்வளவு நேரம் பார்த்துப் பழகின கண்ணுக்குத் தெரியாத தப்பெல்லாம் அப்போது முன்னால் வந்து நிற்கும். பார்த்து முடித்ததும் பழையபடி திருப்பிவிடுங்கள்.

பெரிதாக அச்சடிக்கும் முன் ஒரு சின்ன பிரின்ட் போட்டுப் பாருங்கள். கடையில் 'முடியைக் கொஞ்சம் கறுப்பாக்கிடவா மேடம், ஃப்ரீதான்' என்று கேட்பார்கள். வேண்டாம் என்று சொல்லிவிட்டு, அவர் திரையையும் ஒரு தடவை எட்டிப் பாருங்கள்.