கடைக்கு ஸ்வைப் மெஷின்: கேட்டவர்களும் பதில்களும்

(பதில் சொல்பவர் ஒரு வங்கியின் வணிகர் பிரிவில் பல வருடம் இருந்தவர்.)

மின்சாதனக் கடை, ஈரோடு: 18,400 ரூபாய்க்குக் கிரெடிட் கார்டு தேய்த்தேன். கணக்கில் 18,009 சொச்சம்தான் வந்தது. ஏஜென்ட் 1.8 சதவீதம் என்றாரே?

1.8 சதவீதம் 331 ரூபாய் 20 காசு. அந்தக் கட்டணத்தின் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி, 59 ரூபாய் 62 காசு. இரண்டும் போனால் 18,009.18. கணக்கு சரிதான். ஏஜென்ட் வரியை வாயால் சொல்லமாட்டார், அவ்வளவுதான். 2,000 ரூபாய் வரையிலான கார்டு விற்பனையில் வங்கியின் கட்டணத்துக்கு இந்த வரி கிடையாது. நீங்கள் வழக்கமான ஜிஎஸ்டி பதிவில் இருந்தால், கட்டிய வரியை உள்ளீட்டு வரியாக எடுத்துக்கொள்ளலாம். பலர் விட்டுவிடுகிறார்கள்.

மருந்துக்கடை, தேனி: ரூபே கார்டுக்குக் கட்டணமே கிடையாது என்று அரசு சொல்லிவிட்டது. ஆனால் என்னிடம் பிடிக்கிறார்கள்.

பாதி சரி. 2020 ஜனவரியிலிருந்து கட்டணம் இல்லாதது ரூபே டெபிட் கார்டுக்கு. ரூபே கிரெடிட் கார்டை மெஷினில் தேய்த்தால் கட்டணம் உண்டு. மற்ற டெபிட் கார்டுகளுக்கு ரிசர்வ் வங்கி உச்சவரம்பு வைத்திருக்கிறது: வருட விற்பனை 20 லட்சத்துக்குள் என்றால் 0.4 சதவீதம், அதற்கு மேல் 0.9. கிரெடிட் கார்டுக்கு அப்படி வரம்பு இல்லை. அங்கேதான் பேரம் பேச வேண்டும், மெஷினின் மாத வாடகையோடு சேர்த்து.

அதே தேனிக்காரர்: அப்போ அந்தக் கட்டணத்தைக் கஸ்டமரிடமே 2 சதவீதம் கூட்டி வாங்கிக்கொள்ளலாமா?

கூடாது. வாங்கினால் கஸ்டமர் தன் வங்கியில் புகார் கொடுப்பார், அது உங்கள் மெஷின் மேல் வந்து விழும்.

பேக்கரி, திண்டுக்கல்: சனிக்கிழமை விற்ற பணம் செவ்வாய்க்கிழமைதான் வந்தது. மெஷின்காரர் அடுத்த நாளே வரும் என்றார்.

சனி இரவு மெஷினில் செட்டில்மெண்ட் போட்டீர்களா? போடாதவரை அன்றைய விற்பனை மெஷினுக்குள்ளேயேதான் கிடக்கும். பல மெஷின்கள் நள்ளிரவுக்கு முன் தானாகப் போட்டுக்கொள்ளும், ஆனால் சுவிட்சை அணைத்துவிட்டுப் போனால் அது நடக்காது. ஞாயிறும் மெஷின் அணைந்தே கிடந்தால், அப்புறம் திங்கள் இரவுதான் கணக்கு மூடும், பணம் செவ்வாய் வரும். கல்லாவைப் பூட்டும் முன் செட்டில்மெண்ட் போட்டு, வரும் சீட்டின் மொத்தத்தை மறுநாள் வரவோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

மளிகை, கும்பகோணம்: ஒருத்தர் கார்டைத் தேய்த்துவிட்டு பத்தாயிரம் கையில் கொடுங்க, 300 கமிஷன் வெச்சுக்கங்க என்கிறார். இதுக்கும் செட்டில்மெண்ட் இப்படித்தானா?

செட்டில்மெண்ட் வரும். சரக்கு விற்காமல் பில் போட்டது தெரிந்தால் மெஷினும் போகும். செய்யாதீர்கள்.

ஜவுளிக்கடை, சேலம்: ஸ்லிப் வரவில்லை. கஸ்டமர் போனில் பணம் போன மெசேஜ் வந்துவிட்டது. துணியைக் கொடுத்து அனுப்பலாமா?

அனுப்பாதீர்கள். அந்த மெசேஜ் அவர் வங்கி அனுப்புவது. அங்கே பணம் பிடித்த பிறகு, ஒப்புதல் உங்கள் மெஷினுக்குத் திரும்பும் வழியில் சிம் சிக்னல் அறுந்திருக்கலாம். மெஷினில் விவர ரிப்போர்ட் எடுங்கள். அந்தத் தொகை அதில் இல்லையென்றால் அந்தப் பணம் உங்களுக்கு வராது. அவர் வங்கி 5 நாளுக்குள் திருப்பிப் போட வேண்டும், தாண்டினால் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு. 2019 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி போட்ட விதி இது. கஸ்டமரிடம் பொறுமையாகச் சொல்லி, வேறு வழியில் பணம் வாங்குங்கள். ரிப்போர்ட் பார்க்காமல் மறுபடி தேய்த்து, இரண்டும் பதிவாகிவிட்டால், செட்டில்மெண்டுக்கு முன்பே ஒன்றை `VOID` செய்துவிடுங்கள். அதற்குப் பிறகு என்றால் ரீஃபண்ட்தான், அது நாள் எடுக்கும்.

பர்னிச்சர் கடை, திருச்சி: 42,000 ரூபாய் சோபா. பின் போட்டுத்தான் வாங்கினார். இரண்டு மாதம் கழித்து வங்கி என் கணக்கில் பணத்தைப் பிடித்துவிட்டது. பின் போட்டதே சாட்சி இல்லையா?

காரணம் என்ன என்று வங்கி அனுப்பிய மெயிலில் பாருங்கள். "நான் தேய்க்கவில்லை" என்றால் பின் உங்களைக் காப்பாற்றும். "பொருள் வரவில்லை" என்றால் காப்பாற்றாது, ஏனென்றால் பணம் கொடுத்ததை அவர் மறுக்கவே இல்லை. அதற்கு வேண்டியது டெலிவரி சலானில் வாங்கியவர் கையெழுத்து, பில், ஸ்லிப். மெயிலில் கெடு போட்டிருக்கும், அது தாண்டினால் ஒப்புக்கொண்டதாகவே எடுத்துக்கொள்வார்கள். ஸ்லிப்பை அன்றே போட்டோ எடுத்து வைக்கும் பழக்கம் வேண்டும், அந்தத் தாள் இரண்டு மூன்று மாதத்தில் வெளுத்துப்போகும்.

அதே திருச்சிக்காரர்: சலான் இருக்கிறது. ஆனால் கையெழுத்துப் போட்டது அபார்ட்மெண்ட் வாட்ச்மேன்.

அதுதான் சிக்கல். வண்டி டிரைவர் அன்று கஸ்டமருக்குப் போன் செய்த பதிவு, வாட்ஸ்அப்பில் "வந்துவிட்டது" என்று ஏதாவது இருக்கிறதா, தேடிப் பாருங்கள். இருப்பதையெல்லாம் சேர்த்து அனுப்புங்கள். வாட்ச்மேன் கையெழுத்தை மட்டும் வைத்து ஜெயித்தவர்களும் உண்டு, தோற்றவர்களும் உண்டு.