பொங்கலுக்குக் கொடைக்கானல் மலை: எந்த நாள் ஏறி, எந்த நாள் இறங்குவது?

"பொங்கலை மலைக் கிராமத்தில் பார்க்கணும். ஆனா கூட்டமும் ரூம் வாடகையும் பயமுறுத்துது. எப்போ வரலாம்?"

பொங்கலன்று பெரும்பாலானோர் சொந்த வீட்டில்தான் இருப்பாங்க. மாட்டுப் பொங்கல் மதியத்துக்கு மேல்தான் கார்கள் மலையேற ஆரம்பிக்கும், காணும் பொங்கலன்று உச்சம். அதனால போகிக்கு முந்தின நாளோ போகியன்றோ வந்து, மாட்டுப் பொங்கல் முடிஞ்ச கையோட இறங்கிடுங்க. பொங்கல் வெள்ளியில் வருதுன்னு வைங்க: புதன் மாலை வந்துட்டு சனி மதியம் கிளம்பினா, எல்லாரும் ஏறும்போது நீங்க இறங்குவீங்க.

தங்குறது கொடைக்கானல் டவுன் வேண்டாங்க, தாண்டிக்குடி பக்கம் பாருங்க. தை மாசம் அங்கே காபி பறிப்பு நடக்கும். களத்துல சிவந்த பழம் காய்ஞ்சு கருத்துக்கிட்டிருக்கிறதைப் பக்கத்துல நின்னு பார்க்கலாம். பட்டிவீரன்பட்டி வழியா ஏறினா கொடைக்கானல் சாலை நெரிசல்ல மாட்ட மாட்டீங்க. அந்தப் பாதை குறுகல், வளைவும் அதிகம். இருட்டுறதுக்கு முன்னாடி ஏறிடுங்க.

ரூம் கேட்கும்போது "பொங்கலுக்கு எவ்வளவு?"ன்னு கேட்காதீங்க. ஒவ்வொரு ராத்திரிக்கும் தனித்தனியா வாடகை கேளுங்க. மாட்டுப் பொங்கல் ராத்திரியையும் சேர்த்தாதான் தருவோம்னு சொன்னா வேற இடம் பாருங்க, விலை ஏறுறதே அந்த ராத்திரிக்குத்தான்.

ஒருநாள் கொடைக்கானலுக்குச் சொந்த வண்டியில் போறதா இருந்தா epass.tnega.org-ல முன்னாடியே இ-பாஸ் எடுத்துக்குங்க. மாட்டுப் பொங்கலன்று காலையில் தாண்டிக்குடி ஊருக்குள்ளேயே இருங்க. கொம்புக்கு வண்ணம் பூசுறது அப்போதான்.