பழைய ரிசீவரோட ரெண்டாவது அவுட்ல டிவி மாட்டினா 120 ஹெர்ட்ஸ் வருமா?

கேள்வி: என்னோட ஹோம் தியேட்டர் ரிசீவர் 4கே 60 வரைக்கும்தான். பிஎஸ்5-ஐ அதுல சொருகி, ரெண்டாவது எச்டிஎம்ஐ அவுட்லேர்ந்து டிவிக்கு எடுத்தா 4கே 120 கிடைக்குமா?

கிடைக்காதுங்க. அவுட் ரெண்டு இருந்தாலும் சிக்னல் உள்ள வர்றது ஒரே இன்புட் வழியாத்தான், அந்த இன்புட்டே எச்டிஎம்ஐ 2.0, அதாவது வினாடிக்கு 18 ஜிகாபிட்தான் தாங்கும். பிஎஸ்5 4கே 120-க்கு 32 ஜிகாபிட் வரைக்கும் அனுப்பும், அதனால எந்த அவுட்ல மாட்டினாலும் 4கே 60 எச்டிஆரோட நின்னுடும், கேமோட ஃப்ரேம் வேகத்துக்கு ஏத்த மாதிரி டிவிய ஓட வைக்கற விஆர்ஆரும் வராது.

ஆனா ரெண்டாவது அவுட்ல வேற ஒரு சிக்கல் இருக்கு, அதுல நான் ரெண்டு நாள் மாட்டிக்கிட்டேன். அவுட் 1-ல பழைய 1080பி ப்ரொஜெக்டர், அவுட் 2-ல 4கே டிவி வச்சிருந்தேன், ரிசீவர் மெனுல ரெண்டு அவுட்டும் ஆன்ல இருந்துச்சு. டிவில படம் வந்துச்சு ஆனா எச்டிஆர் இல்ல, எழுத்தெல்லாம் மங்கலா இருந்துச்சு. கேபிள் மாத்திப் பாத்தேன், ஒண்ணும் ஆகல. கடைசில பிஎஸ்5-ல Video Output Information-ஐத் திறந்தா 1080பி-னு காட்டுது! ரெண்டு அவுட்டும் ஓடும்போது ரெண்டு திரைக்கும் பொதுவா ஒத்து வர்றத மட்டும்தான் ரிசீவர் கன்சோலுக்குச் சொல்லும், ப்ரொஜெக்டர் ஸ்டாண்ட்பைல இருந்தாக்கூட எனக்கு இப்படித்தான் ஆச்சு. அவுட் 2 மட்டும்னு செலக்ட் பண்ணி கன்சோல ரீஸ்டார்ட் பண்ணதும் 4கே எச்டிஆர் வந்துடுச்சு. மெனுல அவுட் ஏ, பி, ஏ+பி-னு இருந்தாலும் இதே விஷயம்தான்.

இன்னொண்ணு, டிவி சவுண்ட அதே கேபிள்ல ரிசீவருக்குத் திருப்பி அனுப்பற ஏஆர்சி பெரும்பாலும் அவுட் 1-ல மட்டும்தான் இருக்கும், சாக்கெட் பக்கத்துலயே ARC-னு எழுதியிருக்கும். டிவிய அவுட் 2-ல மாட்டினா கேம் சவுண்ட் பிரச்சனையில்லாம வரும், ஏன்னா அது ரிசீவர் வழியாத்தானே போகுது, ஆனா டிவிக்குள்ள இருக்கற ஆப்போட சவுண்ட் ரிசீவருக்குத் திரும்பி வராது.

120 கட்டாயம் வேணும்னா பிஎஸ்5-ஐ நேரா டிவியோட 2.1 போர்ட்ல சொருகுங்க, டிவியோட ஏஆர்சி போர்ட்லேர்ந்து ரிசீவரோட அவுட் 1-க்கு ஒரு கேபிள். இதுல விட்டுக்கொடுக்கறது சவுண்டுல. ரிசீவர்ல ஏஆர்சியோட மேம்பட்ட வடிவமான இ-ஆர்க் இல்லாம வெறும் ஏஆர்சி மட்டும் இருந்தா லீனியர் பிசிஎம் ஸ்டீரியோவாத்தான் போகும், அதனால பிஎஸ்5 ஆடியோ ஃபார்மட்ட டால்பிக்கு மாத்துங்க, 5.1 வரும். ரிசீவர் வழியா நேரா போனா 7.1 பிசிஎம் அப்படியே கம்ப்ரஸ் ஆகாம கிடைக்கும், அது வேற லெவல்.

நான் இப்போ கதை கேம் அதிகமா ஆடறதால ரிசீவர் வழியாவே வச்சிருக்கேன், அதுல நிறைய கேம் 60-க்கு மேல போறதே இல்ல. நீங்க ஷூட்டர், ரேஸிங்தான் ஆடுவீங்கன்னா நேரா டிவிக்கே போட்டுடுங்க.